கடைசி நேரத்தில் கேன்சல் செய்தால் காசு கொடுக்க வேண்டுமா? டியூஷன், மன ஆலோசனை நேரங்களுக்கான நியாயமான விதிகள்

கும்பகோணத்தில் ப்ளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரை எடுத்துக்கொள்வோம். கூட்டமாக உட்கார வைத்து நடத்தும் டியூஷன் அல்ல. ஒரு நேரத்தில் ஒரே மாணவர். மாலை 5 மணி, 6.15, 7.30 என்று ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு, வகுப்புக்கு 400 ரூபாய். செவ்வாய், வெள்ளி 6.15 மணி நேரம் வலங்கைமானிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவிக்கு உரியது. மாதம் எட்டு வகுப்பு, 3,200 ரூபாய், மாதத் தொடக்கத்திலேயே கட்டிவிடுகிறார்கள். இவர்கள் கற்பனையானவர்கள்தான். ஆனால் இதே மாதிரி ஏற்பாடு டெல்டாவில் ஊருக்கு ஊர் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை 6.15 வகுப்புக்கு அந்த மாணவி வர முடியவில்லை. அப்பா வியாழன் இரவு 9.40-க்கு வாட்ஸ்அப்பில் "நாளைக்கு வர மாட்டா டீச்சர்" என்று அனுப்புகிறார். இந்த வகுப்புக்கான 400 ரூபாய் யாருடையது? அப்பா "முதல் நாளே சொல்லிவிட்டேனே" என்பார். டீச்சர் "ராத்திரி பத்து மணிக்குச் சொன்னால் நான் யாரைக் கூப்பிடுவது" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த இடத்தில் மனக்கசப்பு வராமல் இருக்க வேண்டுமென்றால் மூன்று விஷயங்கள் முன்கூட்டியே பேசி முடிவாகியிருக்க வேண்டும். எந்த நேரத்துக்குள் சொன்னால் காசு போகாது, அதற்குப் பிறகு சொன்னால் எவ்வளவு போகும், வேறு நாளைக்கு மாற்றிக்கொள்ள எந்த அளவுக்கு இடமுண்டு. மன ஆலோசகரிடம் நேரம் வாங்கும்போதும் இதே மூன்றும்தான். அங்கே சில வித்தியாசங்கள் உண்டு, கடைசியில் வருகிறேன்.

கெடு எங்கிருந்து வருகிறது

பலர் "24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்" என்று வேறு யாரோ வைத்த விதியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வகுப்பு காலியானால் அந்த இடத்தில் இன்னொருவரை வரவழைக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அதுதான் கெடு. வேறு எந்த அடிப்படையில் வைத்தாலும் அது ஒரு தரப்புக்கு அநியாயமாகப் போய்விடும்.

நம் டீச்சரிடம் காத்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒரு பையன் தாராசுரத்தில், சைக்கிளில் வந்துவிடுவான். இன்னொருவன் சுவாமிமலை, பஸ் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பை இவர்களில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் என்னென்ன நடக்க வேண்டும்? டீச்சர் அந்தப் பெற்றோருக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பையனைக் கேட்க வேண்டும். அவன் மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது கணக்கு நோட்டையும் பையில் எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் மாலையில் நேராக டியூஷனுக்கு வருவான். ஆக, வியாழன் மாலை ஆறு ஆறரைக்குள் டீச்சருக்குத் தகவல் தெரிந்தால் இது முடியும். இரவு பத்து மணிக்குத் தெரிந்தால், அந்த நேரத்தில் இன்னொரு வீட்டுக்குப் போன் செய்ய மனசு வராது. காலை ஏழு மணி அவசரத்தில் யாரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். இந்த டீச்சருக்கு 24 மணி நேரம் என்பது இப்படித்தான் பொருந்துகிறது.

அதே டீச்சர் ஆன்லைனில் மட்டும் வகுப்பெடுத்தால்? பஸ் இல்லை, பை இல்லை. காலையில் தெரிந்தாலும் மாலைக்கு ஆள் கிடைக்கும். அங்கே 24 மணி நேரக் கெடு வைப்பது அதிகம். 8 அல்லது 10 மணி நேரம் போதும். காத்திருப்போர் பட்டியலே இல்லாத புது டீச்சருக்கு நிலைமை வேறு. ஒரு வாரம் முன்னால் சொன்னாலும் அவருடைய வகுப்பு காலியாகத்தான் இருக்கப்போகிறது, நீண்ட கெடுவால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. அவர் கெடுவைக் குறைவாக வைத்து, வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்காமல் மாதச் சம்பளமாக வாங்குவதே நல்லது.

கெடுவை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். "ஒரு நாள் முன்பு" என்று எழுதினால் வியாழன் இரவு 11 மணியும் ஒரு நாள் முன்புதான். அந்த அப்பா நினைத்தது தப்பில்லை. "24 மணி நேரம்" என்று எழுதினாலும் ஆளுக்கு ஆள் எங்கிருந்து எண்ணுவது என்று குழப்பம் வரும். நேரடியாகக் கடிகார நேரத்தை எழுதிவிடுவது நல்லது: "செவ்வாய் வகுப்புக்கு, திங்கள் மாலை 6.15 வரை சொல்லலாம். வெள்ளி வகுப்புக்கு, வியாழன் மாலை 6.15 வரை." மாணவி பத்து பேர் இருந்தால் பத்து பேருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். ஒரு முறை செய்கிற வேலை.

இன்னொன்று, செய்தி அனுப்பிய நேரமே கணக்கு. டீச்சர் அதைப் பார்த்த நேரம் கணக்கல்ல. மழைக்காலத்தில் டவர் இல்லாமல் போய், வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். ஒற்றை டிக் என்றால் செய்தி அனுப்பியவர் போனிலிருந்து கிளம்பிவிட்டது, எதிர்ப்பக்கம் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அனுப்பியவர் தன் பங்கைச் செய்துவிட்டார். கடிகாரப் படம் மட்டும் தெரிந்தால் செய்தி இன்னும் அவர் போனைவிட்டே போகவில்லை. அப்போது ஒரு போன் அடித்துவிட வேண்டும்.

தாமதமாகச் சொன்னால் எவ்வளவு

கெடு தாண்டிச் சொன்னதற்கு வாங்கும் பணத்தைத் தண்டனையாக நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. காலியான நேரத்தால் டீச்சருக்கு வந்த நஷ்டத்தை ஈடுகட்டுவதுதான் அந்தப் பணத்தின் வேலை. இப்படிப் பார்த்தால் இரண்டு விதிகள் தாமாகவே கிடைக்கின்றன.

முதலாவது, தாமதமாகச் சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் டீச்சருக்கு வேறு மாணவர் கிடைத்துவிட்டால் பணம் பிடிக்கக் கூடாது. தாராசுரம் பையன் வெள்ளிக்கிழமை வந்து 400 ரூபாய் வகுப்பை எடுத்துக்கொண்டான் என்றால், வலங்கைமான் மாணவியிடமும் பிடிப்பது ஒரே மணி நேரத்தை இரண்டு பேருக்கு விற்பதாகிவிடும். வேறு ஆள் வந்தாரா இல்லையா என்று பெற்றோருக்குத் தெரியாதே என்று கேட்கலாம். உண்மைதான், இங்கே டீச்சரின் நேர்மையைத்தான் நம்ப வேண்டும். அதனால் டீச்சரே அன்றிரவு "நேரம் நிரம்பிவிட்டது, பிடித்தம் இல்லை" என்று ஒரு வரி அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரி வந்த வீட்டில் அடுத்த முறை 200 ரூபாய் பிடித்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, தாமதமாகச் சொல்வதும் சொல்லாமலே வராமல் இருப்பதும் ஒன்றல்ல. வியாழன் இரவு சொன்னால் டீச்சருக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது: யாரையாவது தேடிப் பார்க்கலாம், 5 மணி மாணவனுக்குக் கூடுதலாக அரை மணி நேரம் கொடுக்கலாம், தேர்வுத்தாள் திருத்தலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் 6.15-லிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் நான் சொல்லும் அளவு இது: கெடு தாண்டிச் சொல்லி, நேரமும் நிரம்பாவிட்டால் பாதி, அதாவது 200 ரூபாய். சொல்லாமல் வராவிட்டால், 15 நிமிடம் காத்திருந்த பிறகு, முழு 400.

இரண்டுக்கும் ஒரே தொகை வைக்கும் இடங்கள் நிறைய. அங்கே என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளி மதியம் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. சொன்னாலும் 400 போகும், சொல்லாவிட்டாலும் 400 போகும். சங்கடப்பட்டுக்கொண்டு ஏன் சொல்ல வேண்டும்? போனை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். கட்டணம் கொண்டுவந்த பிறகு சொல்லாமல் வராதவர்கள் எண்ணிக்கை கூடுகிறது என்றால், இரண்டு தொகைக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

சட்டமும் ஏறக்குறைய இதே பக்கம்தான் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஏற்பட்ட இழப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு நுகர்வோர் மீது தண்டம் போடுவதை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஒரு வகுப்பு தவறியதற்கு மாதப் பணம் முழுவதும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 200 ரூபாய்க்காக யாரும் வழக்குக்குப் போகப்போவதில்லை. ஆனால் எது அளவு, எது அளவு மீறல் என்று பார்க்க இது உதவும்.

காரணம் கேட்க வேண்டாம்

"உண்மையான காரணம் இருந்தால் பிடித்தம் இல்லை" என்று எழுதுவது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் இதைப் போல உறவைக் கெடுக்கும் விதி வேறில்லை. எது உண்மையான காரணம் என்று டீச்சர் நீதிபதியாக உட்கார வேண்டிவரும். டாக்டர் சீட்டு கேட்க வேண்டிவரும். மாதவிடாய் வலி என்று சொல்லக் கூச்சப்படும் பெண் பிள்ளை வேறு ஏதாவது பொய் சொல்லும். வீட்டில் சண்டை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதையெல்லாம் டியூஷன் டீச்சரிடம் விளக்க யாருக்கும் கடமை இல்லை.

அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காரணமே கேட்காமல், தாமத ரத்து இலவசம் என்று வைத்துவிடலாம். காய்ச்சலோ கல்யாணமோ மறதியோ, எதற்கு வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். டீச்சருக்கும் கணக்கு சுலபம்: ஒரு மாணவிக்கு வருஷத்துக்கு நான்கு தடவை, அதற்கு மேல் இல்லை.

இதற்கு வெளியே இரண்டு விலக்குகள் மட்டும் போதும். ஒன்று துக்கம். குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அன்றே கிளம்பிப் போகிற ஊர் நம்முடையது. கருமாதி வரை வீடு ஒரு நிலையில் இருக்காது. அதற்கு ஆதாரம் கேட்பது மனிதத்தன்மை இல்லை.

இன்னொன்று மழை. டெல்டாவில் விதி எழுதுபவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை மறந்துவிட்டு எழுதக் கூடாது. பள்ளி விடுமுறை அறிவிப்பு முந்தின இரவு வரும், இல்லாவிட்டால் அன்று விடியற்காலையில் வரும். அதாவது 24 மணி நேரக் கெடு எப்போதுமே தாண்டிப்போன பிறகுதான் வரும். "கனமழை இருந்தால் விலக்கு" என்று எழுதினால் எது கனமழை என்று தகராறு. மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு மழை விடுமுறை அறிவித்தால் பிடித்தம் இல்லை என்று எழுதினால் தகராறுக்கு இடமில்லை, எல்லோருக்கும் தெரிகிற அறிவிப்பு அது. ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. வலங்கைமான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது திருவாரூர் மாவட்டம். கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம். திருவாரூருக்கு மட்டும் விடுமுறை அறிவித்த நாளில் டீச்சர் வீட்டுத் தெருவில் பள்ளி வேன் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் "மாணவர் வீடு இருக்கும் மாவட்டம், டீச்சர் வீடு இருக்கும் மாவட்டம், இரண்டில் எதில் அறிவித்தாலும்" என்று எழுத வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துவதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அது பகலில் நடப்பது, செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடும். ஆன்லைன் வகுப்பு இருந்தால் அதைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் போகும் கரண்ட் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த விதியையும் நீட்டிக்கொண்டிருக்க முடியாது. கட்டிய பணம் அடுத்த மாதத்துக்குப் போகும் என்று மட்டும் எழுதி வைத்தால் போதும்.

வேறு நாளைக்கு மாற்றுவது

மாற்றிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். "எப்படியும் வகுப்பு நடக்கப்போகிறதே டீச்சர், சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்." ஆனால் டீச்சர் பக்கம் நின்று பார்த்தால், வெள்ளி மாலை ஒரு மணி நேரம் காலியாகப் போனது, சனிக்கிழமை இன்னொரு மணி நேரமும் செலவானது. ஒரு வகுப்பின் பணத்துக்கு இரண்டு மணி நேரம். கெடுவுக்கு முன்னால் கேட்டால் வெள்ளி நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம், அப்போது உண்மையிலேயே நஷ்டமில்லை. கெடு தாண்டிக் கேட்கும் மாற்றத்துக்கும் கெடு தாண்டிய ரத்துக்கும் வித்தியாசமில்லை. அதே பாதிப் பணம்.

இதைக் கவனிக்காமல் விட்டால் ஓட்டை விழும். வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு "அடுத்த புதன் வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்டு மாற்றிக்கொள்கிறார்கள். திங்கள்கிழமை, புதன் வகுப்பையும் ரத்து செய்கிறார்கள், இரண்டு நாள் முன்னால் சொன்னதால் கட்டணம் இல்லை. யாரும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நான்கு மணி நேரம் முன்னால் சொன்ன ரத்து இலவசமாகிவிட்டது. ஒரு முறை மாற்றிய வகுப்பை இரண்டாம் முறை இலவசமாக மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது என்று ஒரு வரி எழுதினால் இந்த ஓட்டை அடைபடும்.

மாற்று வகுப்புக்கு ஒரு காலாவதியும் வேண்டும். "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் நவம்பரிலும் டிசம்பரிலும் விட்ட வகுப்புகளெல்லாம் சேர்ந்து பிப்ரவரியில் வந்து நிற்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் "எங்களுக்கு மூணு வகுப்பு பாக்கி" என்பார்கள். டீச்சருக்கு அத்தனை மாலைகள் எங்கே இருக்கின்றன? அடுத்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இரு தரப்புக்கும் தாங்கும். ஆனால் காலாவதி வைக்கிற டீச்சருக்கு ஒரு கடமை உண்டு: அந்தக் காலத்துக்குள் மாணவர் வரக்கூடிய இரண்டு நேரங்களையாவது அவர் தர வேண்டும். வலங்கைமான் பெண்ணுக்கு இரவு 8.30 மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு "நான் கொடுத்தேன், நீங்கள் வரவில்லை" என்று சொல்வது கொடுத்ததாகாது. அந்தப் பெண் எந்த பஸ்ஸில் வீடு திரும்புவாள்?

டீச்சரும் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்தான். அவருக்கும் அதே கெடு, அதே பாதித் தொகை. கெடு தாண்டி அவர் ரத்து செய்தால் மாற்று வகுப்பும் தர வேண்டும், 200 ரூபாயும் கழித்துக்கொடுக்க வேண்டும். இதை எழுதாத விதியில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றே பெற்றோருக்குச் சொல்வேன்.

ஒரு நவம்பர் மாதக் கணக்கு

இப்போது எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் ஓட்டிப் பார்ப்போம். எட்டு வகுப்பு, 3,200 ரூபாய் கட்டியாகிவிட்டது. மாணவி பக்கத்திலிருந்து மாதத்துக்கு இரண்டு மாற்றம்வரை அனுமதி.

முதல் வாரச் செவ்வாய், உறவினர் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பத்திரிகை வந்து பல நாளாகிறது, ஆனால் திங்கள் மதியம்தான் சொல்கிறார்கள். பரவாயில்லை, 6.15-க்கு முன்தானே. சனிக்கிழமைக்கு மாறுகிறது, பிடித்தம் இல்லை. இது முதல் மாற்றம். இரண்டாம் வார வெள்ளிக்கு, வியாழன் இரவு 9.40-க்கு அந்தச் செய்தி வருகிறது. தாமதம்தான். நேரமும் நிரம்பவில்லை. ஆனால் மூன்று மாத இலவசம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வகுப்பு மாறுகிறது, பிடித்தம் இல்லை. இது இரண்டாவது மாற்றம்.

மூன்றாம் வாரச் செவ்வாய் விடியற்காலையில் திருவாரூர் மாவட்டத்துக்கு மழை விடுமுறை. மழை விலக்கு. வீட்டில் கரண்டும் சிக்னலும் இருந்தால் வீடியோ அழைப்பில் வகுப்பு நடத்தலாம், மாணவி ஒப்புக்கொண்டால் மட்டும். அன்று கரண்ட் இல்லை, அதனால் வகுப்பு மாறுகிறது. இது அவர்களுடைய இரண்டு மாற்றக் கணக்கில் சேராது. அதே வார வெள்ளி, மழை நின்றிருக்கிறது, வகுப்பு இருப்பதையே வீட்டில் மறந்துவிடுகிறார்கள். டீச்சர் 6.30 வரை காத்திருக்கிறார், போன் அடிக்கிறார், யாரும் எடுக்கவில்லை. 400 ரூபாய் போயிற்று, இந்த வகுப்பு நடந்ததாகவே கணக்கு. நான்காம் வாரச் செவ்வாய் மாலை 4 மணிக்கு டீச்சருக்கே உடம்பு முடியவில்லை. மாற்று வகுப்பு ஒன்று, 200 ரூபாய் கழிவு ஒன்று, இரண்டும் அவர் தர வேண்டியவை.

மாதக் கடைசியில் எட்டில் ஒன்று போய்விட்டது. மற்ற ஏழும் நடந்துவிட்டன, அல்லது மாற்று நாளில் நடக்க வேண்டியிருக்கின்றன. டிசம்பருக்குக் கட்ட வேண்டியது 3,000. குழப்பமான மாதம்தான், இருந்தும் யாரும் யாரிடமும் பணம் கேட்டுப் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. முன்பணத்தில் கழித்துக்கொள்வதில் இந்தச் சௌகரியம் இருக்கிறது. சின்ன ஊரில் கடைத்தெருவில் தினமும் பார்க்கும் மனிதரிடம் போய் 200 ரூபாய் தாருங்கள் என்று கேட்பது யாருக்கும் கஷ்டம். ஆனால் நெல் போட்டு, கொள்முதல் பணம் கையில் வந்த பிறகுதான் ஃபீஸ் கட்ட முடிகிற வீடுகளும் இங்கே நிறைய. அவர்களிடம் முன்பணம் கேட்க முடியாது. அவர்களுக்குப் பணமாகப் பிடிக்காமல், தாமத ரத்து ஒன்றுக்கு அந்த மாத மாற்றங்களில் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம்.

மறதி விஷயத்தில் டீச்சரும் ஒன்று செய்யலாம். பலர் வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நினைவூட்டல் அனுப்புகிறார்கள். வருகிறவர்களுக்கு அது உதவும். வர முடியாதவர்களுக்கு அது கெடு முடிந்த பிறகு வரும் செய்தி, எரிச்சல்தான் மிச்சம். நினைவூட்டல் கெடுவுக்கு முன்னால் போக வேண்டும். வெள்ளி வகுப்புக்கு வியாழன் காலையிலேயே: "நாளை மாலை 6.15 வகுப்பு. வர முடியாவிட்டால் இன்று மாலை 6.15-க்குள் சொல்லுங்கள், பிடித்தம் இல்லை." இது போனால் ரத்துகள் கெடுவுக்குச் சற்று முன்னால் வந்து குவிய ஆரம்பிக்கும். கவலைப்பட வேண்டாம், விதி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மன ஆலோசகரிடம் போகும்போது

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஓர் ஆலோசகரிடம் வாரம் ஒரு முறை நேரம் வாங்குபவருக்கும் மேலே சொன்ன தர்க்கமே பொருந்தும், ஆனால் எண்கள் மாறும். அங்கே காத்திருப்பவரைத் திடீரென்று "நாளைக்கு வாருங்கள்" என்று கூப்பிட முடியாது. அவர் வேலையில் அனுமதி கேட்க வேண்டும், வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று யோசிக்க வேண்டும், ஆன்லைன் என்றால் தனியாகப் பேச ஓர் அறை வேண்டும். காலி நேரம் நிரம்ப அதிக நேரம் பிடிக்கிறது. அதனால்தான் ஆலோசகர்கள் பலர் 48 மணி நேரம் வைக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே கட்டணத்தோடு சேர்த்து இதையும் வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுப்பது ஆலோசகரின் தொழில் நெறி. சொல்லாமல் விட்டுவிட்டு மூன்றாம் வாரம் பிடித்தம் செய்வது சரியல்ல.

சலுகைக் கட்டணத்தில் வருபவர்கள் விஷயத்தில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. வழக்கமான கட்டணம் 1,000 ரூபாய், ஒருவருக்கு மட்டும் நிலைமை பார்த்து 400 என்று வைத்துக்கொள்வோம். அவர் தாமதமாக ரத்து செய்தால் பாதி என்பது 200 ரூபாய். 500 அல்ல. வந்து பேசியிருந்தால் 400 கட்டியிருப்பவர், வராததற்கு 500 கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, மனைவி கும்பகோணத்தில் இருந்தபடி இருவரும் சேர்ந்து ஆன்லைனில் ஆலோசனைக்கு வருவது இங்கே சாதாரணம். இந்திய நேரம் இரவு 8 மணி என்றால் சிங்கப்பூரில் 10.30, துபாயில் மாலை 6.30. நேரத்தையும் கெடுவையும் இந்திய நேரம் என்று குறிப்பிட்டு எழுதவில்லை என்றால் யாராவது ஒருவர் தவறான மணிக்குக் காத்திருப்பார். இருவரில் ஒருவர் மட்டும் வந்தால் சந்திப்பு நடக்குமா, கட்டணம் உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நினைவூட்டல் யாருடைய போனுக்குப் போகிறது என்பதும் முக்கியம். வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போன் என்றால், "நாளை 8 மணி சந்திப்பு" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.

அப்புறம், மனச்சோர்வில் இருப்பவருக்குச் சில நாள் படுக்கையைவிட்டு எழுவதே பெரிய வேலை. தொடர்ந்து இரண்டு முறை கடைசி நேரத்தில் ரத்து செய்கிறார் என்றால் அதைக் கட்டண விஷயமாக மட்டும் பார்க்கும் ஆலோசகர் தன் வேலையில் பாதியை விட்டுவிடுகிறார். அடுத்த சந்திப்பில் அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்; பிடித்தமா இல்லையா என்பதையும் அங்கேயே சேர்ந்து முடிவு செய்யலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்ற நெருக்கடியில் இருப்பவரிடம் ரத்துக் கட்டணப் பேச்சே வரக் கூடாது. அப்படிப்பட்ட நேரத்தில் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கவும் வேண்டாம். டெலி மானஸ் எண் 14416, மத்திய அரசின் இலவச உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

டீச்சரோ ஆலோசகரோ விதியை மாற்ற நினைத்தால் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பணம் கட்டி வாங்கிய வகுப்புகளுக்குப் பழைய விதியே தொடரும். புதுக் கெடுவும் புதுத் தொகையும் அடுத்து கட்டும் மாதத்திலிருந்துதான்.